கடைசி வரியில் நான்கு வேலை சொன்னால் லைக்தான் மிஞ்சும்

"பதிவு முடிவுல 'லைக் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க, பயோ லிங்க்ல புக் பண்ணுங்க, சந்தேகம்னா மெசேஜ் பண்ணுங்க'ன்னு போடுறேன். லைக் வருது, தையல் வகுப்புக்கு யாரும் புக் பண்ணல. எதை மாத்தணும்?"

மெசேஜை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள். என்ன அனுப்ப வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்:

"சனிக்கிழமை தையல் வகுப்பில் சேர 'தையல்' என்று மெசேஜ் அனுப்புங்கள். நேரம், கட்டணம் பதிலில் வரும்."

நான்கு வேலை சொன்னால் ஆள் சுலபமானதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார், அதுதான் லைக். புக் செய்யவோ பதிவை விட்டு வெளியேறி, பயோவுக்குப் போய், லிங்க்கைத் தேடி, தேதி பார்க்க வேண்டும். 'சந்தேகம்னா' என்ற சொல்லும் இடிக்கிறது: கேள்வியை அவரே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லை அனுப்புவதில் அந்தத் தயக்கம் இல்லை.

சேவ் கேட்பது வேறு பதிவுக்கு. ரவிக்கை அளவு அட்டவணை போட்டால், "துணி வெட்டும்போது பார்க்க இதைச் சேவ் செய்யுங்கள்" என்று எப்போது உதவும் என்பதோடு கேளுங்கள். அதில் வகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

அடுத்த இரண்டு வகுப்புப் பதிவுகளில் லைக்கை விட்டுவிட்டு, 'தையல்' என்று வந்த மெசேஜ்களையும் அவற்றில் புக் ஆனவற்றையும் எண்ணுங்கள். மெசேஜ் வந்தும் புக் ஆகவில்லை என்றால் கோளாறு இந்த வரியில் இல்லை. நீங்கள் அனுப்பும் பதிலிலோ, கட்டணத்திலோ, நேரத்திலோ இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள்: அன்றைக்கே பதில் போட முடியாவிட்டால் இந்த வழி வேண்டாம். காத்திருந்தவர் ஆர்வம் போய்விடும். அப்போது புக்கிங் லிங்க் ஒன்றை மட்டும் கொடுங்கள்.