பாத்ரூம் பைப் ஒழுகல்: ஓனருக்கு நான் எழுதிய கடிதம்

கேள்வி: வாடகை வீட்டில் பாத்ரூம் பைப் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஓனர் ஒவ்வொரு தடவையும் எம்சீல் வைத்து ஒட்டிவிட்டுப் போகிறார். முறையாகச் சரிசெய்யச் சொல்லி எப்படிக் கடிதம் எழுதுவது?

"ஒழுகுகிறது, பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் இன்னொரு எம்சீல் உருண்டைதான் வரும். எப்போது ஒழுகுகிறது என்று முதலில் கவனியுங்கள். குளிக்கும்போது மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயிலோ தரை இடுக்கிலோ கோளாறு. யாரும் புழங்காதபோதும் கசிந்தால் பெரும்பாலும் சுவருக்குள் தண்ணீர் வரும் பைப்பில்தான்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டிலும் இதே கதை. ஓனர் அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். பைப் பேச்சை எடுத்தால் மட்டும், "பொம்பளப் பிள்ளைய இருக்க வீடு, தண்ணிய அள்ளி ஊத்துனா செவரு நனையத்தான செய்யும்" என்பார். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனில் மாமனார் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினால், பூட்டிக் கிடந்த வீட்டில் ஷவர் டேப்புக்குக் கீழே டைல்ஸ் இடுக்கில் முத்து முத்தாகத் தண்ணீர். மாடியில் டேங்க் கேட் வால்வை மூடினேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. திறந்ததும் மறுபடி. அதைத்தான் எழுதினேன்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். ஷவர் டேப்புக்கு ஒரு சாண் கீழே சுவருக்குள் பைப் கசிகிறது. நாங்கள் ஊரில் இல்லாதபோதும் கசிந்தது. கேட் வால்வை மூடினால் நிற்கிறது. பின்பக்கம் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்கிறது. போட்டோ வைத்திருக்கிறேன். மேலே ஒட்டுவது நிற்கவில்லை. அந்த இடத்தில் உடைத்து, கெட்டுப்போன பைப்பையும் எல்போவையும் மாற்றித் தரவும். பூசுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீர் விட்டுப் பார்த்துவிடலாம். இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஆள் அனுப்பினால் நல்லது, வீட்டில்தான் இருப்போம்."

பூசுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பார்க்கும் அந்த ஒரு நாள் முக்கியம். உடனே பூசிவிட்டால் புது ஜாயிண்ட் கசிந்தாலும் டைல்ஸுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

ஓனர்களை வம்புக்கு இழுக்கிறேன் என்று சிலர் வருவார்கள். அப்படியில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் டேப், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, தேவைப்படும்போது பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கடிதத்தில் சட்டத்தை இழுக்கவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டம் பேசினால் அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிடும்.

ஆள் வந்து உடைத்தார். பழைய ஜி.ஐ. பைப், எல்போவில் மரை துருப்பிடித்துப் போய் ரெஞ்ச் வைத்ததும் கையோடு வந்தது. மேலே எதை ஒட்டினால் என்ன, அழுத்தத்தோடு வரும் தண்ணீர் வேறு இடுக்கைத் தேடிக்கொள்ளும். சிபிவிசி பைப் போட்டார்கள், கசிவு நின்றது.

உடைத்த இடத்துக்கு அதே டைல்ஸ் கிடைக்கவில்லை என்று வெறும் சிமெண்டோடு விட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம். அடுத்த மாதமே "வீட்ட ரிப்பேர் பாத்திருக்கோம்லா" என்று வாடகையை ஏற்றச் சொன்னாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.