ஸ்டாக் குறைஞ்சா குரூட் ஏறணும்ல, ஏன் சார் இறங்குது?

கேள்வி: சார், கமாடிட்டிக்கு நான் புதுசு. எம்சிஎக்ஸ்ல குரூட் மினி ஒரு லாட் பண்ணிட்டு இருக்கேன். புதன்கிழமை நைட்டு அமெரிக்கா இன்வென்டரி ரிப்போர்ட்ல ஸ்டாக் குறைஞ்சிருக்குன்னு வந்துச்சு, சரி ஏறும்னு வாங்குனேன், அஞ்சு நிமிஷத்துல ஸ்டாப்லாஸ் அடிச்சுட்டு போயிடுச்சு. ஒபெக் நியூஸ்லயும் இதே கதைதான். சார்ட்டை எப்படித்தான் பாக்குறது?

பதில்: உங்க லாஜிக்ல தப்பு இல்ல, ஸ்டாக் குறைஞ்சா விலைக்கு நல்லதுதான். ஆனா மார்க்கெட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காது, அதுக்கு முன்னாடியே ஒரு நம்பரை மனசுல வச்சு விலையை நகர்த்திடும். ராத்திரி 8 மணிக்கு ரிப்போர்ட் வந்ததும் சார்ட் காட்டுறது அந்த நம்பருக்கும் வந்த நம்பருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான். 2023 ஆகஸ்ட் முதல் ரெண்டு வாரத்தை எடுத்துக்கோங்க, இதுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆகஸ்ட் 2, புதன்கிழமை. அமெரிக்க அரசோட எனர்ஜி தகவல் அமைப்பு, இஐஏன்னு சொல்றோமே, அவங்க ரிப்போர்ட்ல குரூட் ஸ்டாக் ஒரே வாரத்துல சுமார் 1 கோடியே 70 லட்சம் பேரல் குறைஞ்சிருந்துச்சு. 1982லேர்ந்து இருக்கிற வாராந்திர கணக்குலயே அதுதான் பெரிய சரிவு. அனலிஸ்ட்டுங்க எதிர்பார்த்தது வெறும் 14 லட்சம். இதை மட்டும் பாத்தா யாரா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கியிருப்பாங்க. ஆனா அன்னிக்கு அமெரிக்க குரூட் விலை, டபிள்யூடிஐன்னு சொல்றது, பேரலுக்கு 81.37 டாலர்லேர்ந்து 79.49க்கு இறங்கி முடிஞ்சுது. 1.88 டாலர்னா அப்போதைய ரூபாய் கணக்குல பேரலுக்கு 155 ரூபா பக்கம், உங்க மினி லாட் 10 பேரல் தானே, 1,550 ரூபா காலி, 100 பேரல் பெரிய லாட் வச்சிருந்தவருக்கு 15,500.

ஏன்னா முந்தின நாளே விஷயம் வெளிய வந்துடுச்சு. அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்னு தொழில்காரங்களோட சங்கம் ஒண்ணு இருக்கு, ஏபிஐம்பாங்க, அவங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியா ஒரு கணக்கு விடுவாங்க, நமக்கு அது புதன் அதிகாலை 2 மணி, குளிர்காலத்துல 3 மணி. எம்சிஎக்ஸ் அப்போ மூடியிருக்கும், அதனால நம்மாளுங்க நிறைய பேர் இதை கவனிக்கவே மாட்டாங்க. அந்த வாரம் ஏபிஐ நம்பரே 1 கோடியே 54 லட்சம் குறைவு. ஆக 8 மணிக்கு வந்ததுல உண்மையிலேயே புதுசு சுமார் 16 லட்சம்தான், மீதியெல்லாம் காலையில ஏறின விலையிலயே இருந்துச்சு. அதுக்கு மேல முந்தின நாள் ஃபிட்ச்ங்கிற ரேட்டிங் கம்பெனி அமெரிக்காவோட கிரெடிட் ரேட்டிங்கை குறைச்சிருந்தாங்க, எல்லா மார்க்கெட்டும் பயத்துல இருந்துச்சு, ஏற்கனவே லாபத்துல இருந்தவங்க நல்ல நியூஸ்லயே வித்துட்டு வெளிய போனாங்க.

இன்னொண்ணு, அந்த 1.7 கோடி எங்க போச்சுன்னு பாக்கணும். அந்த வாரம் ஏற்றுமதி ஒரு நாளைக்கு 52 லட்சம் பேரலுக்கு மேல. அதாவது எண்ணெய் எரிஞ்சு தீரல, கணிசமான பங்கு கப்பல்ல ஏறி வெளிய போயிருக்கு, அவ்வளவுதான். கப்பல் ஒரு வாரம் முன்ன பின்ன கிளம்பினா ஸ்டாக் நம்பர் தலைகீழா மாறும். மாறவும் செஞ்சுது, அடுத்த வாரம் ஏற்றுமதி 24 லட்சத்துக்கும் கீழ விழுந்துச்சு, ஸ்டாக் 58 லட்சம் பேரலுக்கு மேல ஏறிடுச்சு, எதிர்பார்த்தது 6 லட்சம்தான். அப்போ விலை விழணும்ல? ஆகஸ்ட் 9 அன்னிக்கு டபிள்யூடிஐ 84.40ல முடிஞ்சுது, 2022 நவம்பருக்கு அப்புறம் அதுதான் உச்சம். அதே ரிப்போர்ட்ல பெட்ரோல், டீசல் ஸ்டாக் ரெண்டும் குறைஞ்சிருந்துச்சு. குரூட் ஏறியும் பெட்ரோல் டீசல் குறைஞ்சா வண்டி ஓட்டுறவன் வாங்குறான்னு அர்த்தம், மார்க்கெட் அதுக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கும். குரூட் குறைஞ்சு பெட்ரோல் ஏறினா, ரிஃபைனரி ஓட்டித் தள்ளிட்டான், வாங்க ஆள் இல்லன்னும் இருக்கலாம். தலைப்பு நம்பரை மட்டும் படிச்சுட்டு பட்டனை தட்டுறவங்க மாட்டுறது இங்கதான்.

இப்போ சார்ட்டுக்கு வருவோம். ரிப்போர்ட் நமக்கு சம்மர்ல 8 மணி, விண்டர்ல 9 மணி, அமெரிக்காவுல திங்கள் லீவுன்னா வியாழனுக்கு தள்ளிப்போகும். முதல் அஞ்சு நிமிஷ கேண்டில்ல பெரும்பாலும் மேலயும் கீழயும் நீளமா விக் இருக்கும், தலைப்பு நம்பரை மெஷின் அடிக்குது, ஆளுங்க பெட்ரோல் டீசல் நம்பரை படிச்சுட்டு அப்புறம் வர்றாங்க. உங்க ஸ்டாப்லாஸ் போனது அந்த விக்லதான்னு நினைக்கிறேன், சார்ட்டை திறந்து நேரத்தை பாத்தா தெரிஞ்சிடும். அந்த நேரத்துல வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடைவெளி பெருசாயிடும், நீங்க போட்ட ஸ்டாப் விலையிலயே வெளிய வருவீங்கன்னு கியாரண்டி கிடையாது. 8 மணிக்கு முன்னாடி இருந்த ஒரு மணி நேர ரேஞ்சோட ஹை, லோ ரெண்டுலயும் கோடு போட்டு வைங்க, 15 நிமிஷ கேண்டில் ரெண்டு முடிஞ்சும் அந்த கோட்டுக்கு வெளிய நின்னாத்தான் மார்க்கெட் ஒரு முடிவுக்கு வந்திருக்குன்னு நான் எடுத்துப்பேன். அதுவும் சில சமயம் ஏமாத்தும். நல்ல நம்பர் வந்தும் விலை அந்த ரேஞ்சோட லோவை உடைச்சா, அது முன்னாடியே விலையில ஏறிப்போன நியூஸ், அங்க போய் ஆவரேஜ் பண்ணாதீங்க.

எண்ணெய் ஏற்றுமதி நாடுகளோட கூட்டமைப்பான ஒபெக் விஷயம் வேற மாதிரி. ஸ்டாக் ரிப்போர்ட் போன வாரத்து கணக்கு, ஒபெக் முடிவு வரப்போற மாசங்களோட கணக்கு, அதனாலதான் ரெண்டும் மோதினா ரெண்டாவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆகஸ்ட் 3, அதாவது அந்த ரெக்கார்ட் நம்பருக்கு அடுத்த நாளே, சவுதி ஒரு நாளைக்கு 10 லட்சம் பேரல்ங்கிற தன்னோட உற்பத்தி குறைப்பை செப்டம்பருக்கும் நீட்டுச்சு, விலை 81.55க்கு திரும்ப வந்துடுச்சு. இங்கயும் புதுசு எவ்வளவுன்னுதான் கேக்கணும். 2023 நவம்பர் 30ல ஒரு நாளைக்கு 22 லட்சம் பேரல் குறைப்புன்னு தலைப்பு வந்துச்சு, அதுல 13 லட்சம் சவுதியும் ரஷ்யாவும் ஏற்கனவே செஞ்சுட்டு இருந்ததை நீட்டினது, மீதியும் அவங்கவங்க இஷ்டப்பட்டு செய்றது. அன்னிக்கு விலை 2 சதவீதத்துக்கு மேல இறங்குச்சு.

உங்க கணக்குக்கு பெரிய ஆபத்து ஞாயித்துக்கிழமை வர்ற ஒபெக் அறிவிப்பு. 2023 ஏப்ரல் 2 ஞாயிறு, யாரும் எதிர்பார்க்காத நேரத்துல ஒரு நாளைக்கு 10 லட்சம் பேரலுக்கு மேல குறைக்கிறோம்னு சொன்னாங்க. வெள்ளி 75.67ல முடிஞ்ச டபிள்யூடிஐ திங்கள் 80.42ல முடிஞ்சுது. நியூயார்க் நம்ம திங்கள் அதிகாலை 3.30க்கே திறந்துடும், எம்சிஎக்ஸ் 9 மணிக்கு, ஷார்ட் வச்சிருந்தவனோட ஸ்டாப்லாஸ் விலை நடுவுல வரவே இல்ல, கேப்ல தாண்டிப் போயிடுச்சு. 4.75 டாலர்னா மினி ஒரு லாட்டுக்கு 3,900 ரூபா சுமார், பெரிய லாட்டுக்கு 39,000. ஒபெக் மீட்டிங் வார இறுதியில இருந்தா உங்க அக்கவுண்ட் அந்த 3,900ஐ தாங்குமான்னு வெள்ளிக்கிழமை நைட்டே பாருங்க, தாங்காதுன்னா மார்க்கெட் மூடுறதுக்கு முன்னாடி பொசிஷனை முடிச்சிடுங்க.