வளவு வீட்டை வாடகைக்கு வீடியோ எடுக்கும்போது எந்த அறை முதலில், எத்தனை நொடி?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் ஐயா காலத்து வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறோம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் வீடியோ கேட்கிறார்கள். போனில் முப்பது கிளிப் எடுத்து ஒட்டினேன், ஆறு நிமிடம் வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்களும் "அடுப்படி எந்தப் பக்கம்? பாத்ரூம் உள்ளேயா வெளியேயா?" என்று மறுபடி போன் போட்டுக் கேட்கிறார்கள். அறைகளை எந்த வரிசையில் வைப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் கொடுப்பது?

பதில்: வளவு வீட்டில் அறைக் கதவுகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தபடி ஒன்றுபோலவே இருக்கும். தூணும் நிலையும் தளமும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மாதிரிதான். ஓர் அறையைக் காட்டிவிட்டு நேராக அடுத்த அறைக்கு வெட்டினால், பார்ப்பவருக்கு நாம் வலப்பக்கம் இருக்கிறோமா இடப்பக்கம் இருக்கிறோமா என்பது தெரியாமல் போகும். நீங்கள் அந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதால் உங்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

இதற்கு வழி வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் வரும். தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும் வீடுகள் ஏராளம். அந்தக் கோடுதான் வீடியோவின் முதுகெலும்பு. முன்னிருந்து பின்னாக அதன்மேலேயே போங்கள். பக்கத்து அறைக்குள் நுழைந்தால், காட்டி முடித்ததும் திரும்பக் கோட்டுக்கு வந்து, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

முற்றமும் இருபக்க அறைகளும், பின்னால் அடுப்படி, கொல்லையில் பாத்ரூம் என்ற வழக்கமான அமைப்பு உங்கள் வீட்டுக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

தெருவிலிருந்து வீட்டின் முகம் 5 நொடி போதும். திண்ணையும் முகப்பும் சேர்த்து 10. அடுத்தது வளவு. தலைவாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வாசல் வரை தெரியும்படி 5 நொடி அசையாமல் எடுங்கள். அதே இடத்திலிருந்து மெதுவாக முற்றத்தைச் சுற்றி 10 நொடி. இந்த நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் போகுமுன், இங்கிருந்து அந்த அறையின் கதவை மட்டும் 2 நொடி காட்ட வேண்டும். 'இதோ, வலப்பக்கம் முதல் கதவு' என்று பார்ப்பவருக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். வலப்பக்க அறையை முதலில் எடுத்தால் கடைசிவரை அதே சுற்று வரிசையில் போங்கள், நடுவில் மாற்ற வேண்டாம்.

அறைக்குக் கதவு காட்டுவதையும் சேர்த்து 12 நொடி. இரண்டு அறைக்கு 24 ஆகிறது. பூட்டி வைத்திருக்கும் பங்காளி அறைகளையும் மாடிப்படியையும் 4 நொடி காட்டி, "இது வாடகையில் சேராது" என்று சொல்லிவிடுங்கள். இதை விட்டுவிட்டு, ஆள் வந்து நின்றபின் தகராறு வரும் வீடுகள் உண்டு. இரண்டாங்கட்டைக் கடக்க 5. அடுப்படிக்கு 20 கொடுங்கள். மேடை, தொட்டி, குழாயில் தண்ணீர் வருவது, புகை போகும் வழி, பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் தேடித்தான் வாடகைக்கு வருகிறவர் கண் போகும்.

அடுப்படியிலிருந்து பாத்ரூமுக்குப் போவதை மட்டும் வெட்டவே கூடாது. ஒரே கிளிப்பாக நடந்து காட்டுங்கள், 10 நொடி ஆனாலும் ஆகட்டும். வயதான பெற்றோரோடு வருகிறவருக்கு இராத்திரி எத்தனை அடி நடக்க வேண்டும், கூரை உண்டா, எத்தனை படி இறங்க வேண்டும் என்பதுதான் கேள்வியே. இந்த நடையை 2x வேகத்தில் ஓட்டினால் தூரம் குறைந்து தெரியும், அது அவரை ஏமாற்றுவதாகும். பாத்ரூமுக்கு 10, கொல்லையும் கிணறும் பின்வாசலும் 10. எல்லாம் கூட்டினால் 113 நொடி, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இனி கிளிப் எடுக்கும் முறை. அறைக்குள் நுழைந்ததும் கதவை ஒட்டிய மூலையில் நில்லுங்கள். 2 நொடி அசையாமல் பிடித்து, எதிர் மூலை வரை 8 நொடியில் இடமிருந்து வலமாகத் திருப்பி, முடிவில் 2 நொடி நிறுத்துங்கள். நிறுத்தியதில் பாதியை ஒட்டும்போது வெட்டிக்கொள்ளலாம், அது இருந்தால்தான் வெட்ட இடம் கிடைக்கும். திருப்பிய வழியே மறுபடி திரும்பாதீர்கள். வேகம் சரியா என்று அறிய ஒரு சோதனை: கிளிப்பை நடுவில் எங்காவது நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் கம்பி இழுபட்டுத் தெரிந்தால் நீங்கள் வேகமாகத் திருப்பியிருக்கிறீர்கள். வெளிச்சம் குறைந்த உள்ளறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, அதனால் அங்கே இழுபடல் கூடும். வளவில் திருப்பியதைவிட நிதானம் வேண்டும்.

வளவிலிருந்து அறைக்குள் ஒரே ஓட்டமாகப் போகாதீர்கள். முற்றத்து வெயிலுக்குப் பழகிய கேமராவில் உள்ளே முதலில் கறுப்பாகத் தெரிந்து, பிறகு சட்டென்று வெளுக்கும். நிலைக்கு வெளியே கிளிப்பை நிறுத்தி, உள்ளே போய்ப் புதிதாகத் தொடங்குங்கள். தொடங்குமுன் திரையில் சுவரை அழுத்திப் பிடித்தால் ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்ற பல போன்களில் பூட்டுப் படம் வரும். அப்புறம் ஜன்னல் பக்கம் திருப்பினாலும் சுவர் இருளாது. ஜன்னல் வெளுத்துப் போகும், போகட்டும். வாடகைக்கு வருகிறவர் பார்க்க வேண்டியது அறையை. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் எடுத்தால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

0.5x லென்ஸைப் பாத்ரூமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறைகளுக்கு அதைப் போட்டால் பத்தடி அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். பாத்ரூமிலும் நீள அகலத்தை அடிக்கணக்கில் சொல்லிவிடுங்கள்.

ஒட்டி முடித்ததும், வீட்டைப் பார்த்திராத ஒருவரிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரே தடவை போட்டுக் காட்டி, வீட்டின் படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அளவு பிசகினால் பரவாயில்லை. அடுப்படியை இடம் மாற்றிப் போட்டால், அதற்கு முந்தைய வெட்டில்தான் தவறு இருக்கிறது, வளவிலிருந்து இரண்டாங்கட்டைக் காட்டும் 2 நொடியை அங்கே சேருங்கள். இன்னும் நீளம் என்று தோன்றினால் முகப்பில் குறையுங்கள். முகப்பு உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தாலும், அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் கொடுத்த நொடிகளில் கைவைக்க வேண்டாம்.