10 மூட்டையா, 16 மூட்டையா? (வாசகர் கடிதமும் பதிலும்)

ஐயா, வீட்டு முன்னால் கார் நிறுத்த 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தரை போடுகிறேன். கம்பி கிடையாது. கலவை 1:2:4. மொத்தம் 2.4 கன மீட்டர். 7 பங்கில் ஒரு பங்கு சிமெண்ட் என்று வகுத்தால் 10 மூட்டை வருகிறது. மேஸ்திரி 16 மூட்டை கேட்கிறார். "1.54 ஆல் பெருக்கணும், கான்கிரீட் காய்ந்தால் சுருங்கும்" என்கிறார். பாதிக்குப் பாதியா சுருங்கும்? அவர் கணக்கு சரியா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேஸ்திரி சொன்ன எண் சரி. காரணம்தான் தவறு. அவர் மேல் சந்தேகம் வேண்டாம். 16 மூட்டை வாங்கிவிடுங்கள்.

காய்வதால் கான்கிரீட் சுருங்குவது உண்மைதான், ஆனால் அது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உங்கள் 5 மீட்டர் தரையில் மொத்தமாகச் சில மில்லிமீட்டர். விரிசல் விடுவதற்கு அது போதும், மூட்டைக் கணக்கை மாற்றுவதற்குப் போதாது. 1.54 ஆல் பெருக்கி வரும் அளவுக்கு வைத்திருக்கும் "உலர் கன அளவு" என்ற பெயர்தான் இந்தக் குழப்பத்தைக் கிளப்பிவிடுகிறது. காய்ந்துபோன கான்கிரீட்டின் அளவு என்று அதற்குப் பொருள் இல்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு முன், சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் தனித்தனியாகப் பெட்டியில் அளந்து கூட்டினால் வரும் அளவு அது. ஈரக் கன அளவு என்பது அவற்றைக் கலந்து, கொட்டி, குத்தி இறுக்கிய பிறகு இடத்தை அடைக்கும் அளவு.

பெட்டியில் நீங்கள் அளப்பது பொருளை மட்டும் அல்ல, பொருளுக்கு இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான். ஒரு 10 லிட்டர் வாளியில் ஜல்லியைக் கொட்டி விளிம்போடு மட்டம் தட்டுங்கள். பிறகு ஒரு லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நான்கு குவளை தாண்டியும் போகும். குலுக்காமல் தளர்வாகக் கொட்டிய ஜல்லியானால் ஐந்தாவது குவளையும் ஏறக்குறைய முழுக்கப் போய்விடும். "10 லிட்டர் ஜல்லி" என்று நாம் அளந்ததில் கல் 5 லிட்டர் சொச்சம்தான். மணலிலும் இதே கதை, கொஞ்சம் குறைவாக. சிமெண்ட்தான் எல்லாவற்றையும்விட மோசம். அது மாவு போன்ற தூள். அளக்கும்போது பாதிக்கு மேல் காற்று. 50 கிலோ மூட்டை அளவையில் சுமார் 35 லிட்டர் வரும், அதில் உண்மையான சிமெண்ட் 16 லிட்டர்.

இனி 1.54 எங்கிருந்து வருகிறது என்று உங்கள் 1:2:4 கலவையிலேயே பார்த்துவிடலாம். இதைப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது தானாகத் தெரியும்.

ஒரு கன மீட்டர் சிமெண்ட், 2 கன மீட்டர் மணல், 4 கன மீட்டர் ஜல்லி எடுத்துக்கொள்வோம். பெட்டி அளவில் மொத்தம் 7. சிமெண்ட் ஒரு கன மீட்டருக்கு 1440 கிலோ. காற்றில்லாத கெட்டிச் சிமெண்ட் தண்ணீரைப் போல 3.15 மடங்கு எடை. எனவே அதன் உண்மைக் கன அளவு 0.46. தளர்வாகக் கொட்டிய மணல் கன மீட்டருக்கு 1500 கிலோ என்றால் 2 கன மீட்டருக்கு 3000 கிலோ. மணல் துகளின் கெட்டி எடை 2650 என்று வகுத்தால் 1.13. ஜல்லி 1400 வீதம் 5600 கிலோ. கல்லின் கெட்டி எடை 2700, ஆக 2.07. தண்ணீர், சிமெண்ட் எடையில் 0.55 பங்கு, அதாவது 792 லிட்டர், 0.79 கன மீட்டர். நான்கையும் கூட்டினால் 4.45 சொச்சம். எவ்வளவு குத்தினாலும் கலவையில் 2 சதவீதம்போலக் காற்று மாட்டிக்கொள்ளும். அதையும் சேர்த்தால் 4.55.

7 ஐ 4.55 ஆல் வகுத்துப் பாருங்கள். 1.54.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஜல்லி 4 கன மீட்டர் அளந்தோமே, அதற்குள் காலி இடம் 1.93. மணல், சிமெண்ட், தண்ணீர் சேர்ந்த சாந்து 2.38. சாந்து முழுவதும் ஜல்லியின் காலி இடத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் கான்கிரீட் 4 கன மீட்டரோடு நின்றிருக்கும். 0.45 மிஞ்சுகிறது. மிஞ்சிய சாந்துதான் ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பூசிக்கொண்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் புகுந்து அவற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. கலவை கரண்டிக்கு வழுக்கிக்கொண்டு வருவது அதனால்தான். அது இல்லாவிட்டால் கல்லும் கல்லும் உரசி நிற்கும். சாந்து எட்டாத இடமெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். ஆக 7 பெட்டி பொருள் 4.55 பெட்டியாக இறங்குவது ஒன்று மற்றொன்றின் இடுக்கில் போய் உட்காருவதால். எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. 54 சதவீதம் சேதாரம் என்று சிலர் சொல்வதும் அதனால்தான் தவறு. சிந்துவது, சட்டியில் ஒட்டுவது எல்லாம் தனி. அதற்கு 2, 3 சதவீதம் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் தரைக்கு வருவோம். 2.4 ஐ 1.54 ஆல் பெருக்கினால் 3.70 கன மீட்டர். இதை 7 ஆல் வகுத்தால் சிமெண்ட் 0.528 கன மீட்டர், அதாவது 760 கிலோ. மூட்டைக் கணக்கில் 15.2. சேதாரத்தோடு 16. மணல் 1.06, ஜல்லி 2.11 கன மீட்டர். நீங்கள் நேரடியாக 2.4 ஐயே 7 ஆல் வகுத்துவிட்டீர்கள். அந்த 10 மூட்டையோடும் அதற்கேற்ற மணல் ஜல்லியோடும் ஆரம்பித்திருந்தால், தரையின் மூன்றில் இரண்டு பங்கில் பொருள் தீர்ந்திருக்கும். மறுபடி வாங்கி வருவதற்குள் போட்டது இறுகிவிடும். பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு கோடு விழும்.

1.54 கல்லில் வெட்டிய எண் இல்லை. இதே மணல், ஜல்லியை வைத்து, தண்ணீரை மட்டும் கலவைக்கேற்ப மாற்றி 1:1.5:3 போட்டால் 1.50 தான் வருகிறது. 1:3:6 என்ற மெலிந்த கலவைக்கு 1.58 வரை போகிறது. பெட்டியில் அளக்காத தண்ணீர் ஈரக் கலவையில் இடம் பிடிக்கிறது. சிமெண்ட் கூடினால் அதற்கான தண்ணீரும் கூடுகிறது, அதனால் பெருக்கும் எண் இறங்குகிறது. பெரிய ஜல்லியோடு சிறு ஜல்லியும் சரியாகக் கலந்திருந்தால் காலி இடம் குறைந்து எண் இன்னும் இறங்கும். ஜல்லியே இல்லாத பூச்சுச் சாந்துக்கு 1.33 என்று வைத்துக்கொள்வது இதே கணக்கின் வேறு விடைதான்.

இவை எல்லாம் சில சதவீத வித்தியாசம். உண்மையில் கவிழ்ப்பது ஈர மணல். வேலைக்கு வந்த புதிதில் நான் இதில் நன்றாக அடிபட்டிருக்கிறேன். இரவு மழை, காலையில் கான்கிரீட். மணலைப் பெட்டி பெட்டியாகச் சரியாக அளந்துதான் போட்டோம். கலவை கல்லும் கல்லுமாகக் கரகரவென்று வந்தது, மட்டப்பலகைக்கு அடங்கவில்லை, கடைசி ஓரத்துக்குச் சிமெண்ட் பற்றவில்லை. ஈரம் 5 சதவீதம்போல இருக்கும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் நின்று துகள்களை விலக்கி வைக்கிறது. மணல் கால் பங்குகூட உப்பிவிடும், நைசான மணல் அதற்கும் மேலே. பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாக நிரப்புங்கள். மணலை வெளியே கொட்டிவிட்டு, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கம்பியால் கிளறி அடங்க விடுங்கள். முழுக்க நனைந்த மணல் காய்ந்த மணலின் அளவுக்கே இறங்கிவிடும். 16 சென்டிமீட்டரில் நின்றால், 20 ஐ 16 ஆல் வகுத்து 1.25, கால் பங்கு உப்பல். அப்போது 2 பெட்டி மணலுக்குப் பதில் இரண்டரைப் பெட்டி போடுங்கள். மணலில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். மொத்த மணலும் 1.06 க்குப் பதில் 1.32 கன மீட்டர் வாங்க வேண்டியிருக்கும்.

ரெடிமிக்ஸ் லாரி வரவழைக்கும் எண்ணம் இருந்தால் இந்த 1.54 ஐத் தொடவே கூடாது. அங்கே விற்பது கலந்த ஈரக் கான்கிரீட்; 2.4 கன மீட்டரும் சேதாரத்துக்குக் கொஞ்சமும் சொன்னால் போதும். பெருக்கி 3.7 சொன்னீர்களானால் மிச்சத்தைக் கொட்ட இடம் தேட வேண்டும்.

வேலை நடக்கும் நாளில் மேஸ்திரியோடு சேர்ந்து ஒன்று மட்டும் பாருங்கள். ஒரு மூட்டைக்கு 2 பெட்டி மணல், 4 பெட்டி ஜல்லி, 35 லிட்டர் பெட்டியில். அது ஏறத்தாழ 158 லிட்டர் கான்கிரீட் தரும். உங்கள் 4 மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் கனத்துக்கு மூன்று மூட்டை போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் முடியும். ஓரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள். மூன்று மூட்டைக்குக் கோட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் மணல் உப்பியிருக்கிறது, அல்லது அடித்தரை பள்ளமாக இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பள்ளமே 8 சதவீதக் கான்கிரீட்டை விழுங்கிவிடும். கோட்டைத் தாண்டிப் போனால் மகிழ வேண்டாம். தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்களா என்று பாருங்கள், மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அதுவும் சரியாக இருந்தால் ஒரு கம்பியைக் குத்திக் கனத்தை அளந்து பாருங்கள்.