பயாஸ் அப்டேட் செய்ததும் விண்டோஸ் ஏன் 48 இலக்கச் சாவி கேட்கிறது?

"லேப்டாப் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, விண்டோஸ் 11 ஹோம். நேற்று பென் டிரைவ் வழியாக பயாஸ் அப்டேட் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் recovery key கேட்கிறது. பிட்லாக்கர் என்று எதையும் நான் ஆன் செய்ததே இல்லை. பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. அடுத்த மாதம் ரேம், எஸ்எஸ்டி மாற்றலாம் என்றிருந்தேன், அப்போதும் இப்படி வருமா?"

போட்டோக்கள் எங்கேயும் போய்விடவில்லை, பூட்டிய பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பதற்றத்தில் மூன்று காரியங்களைச் செய்துவிடாதீர்கள்: விண்டோஸை ரீசெட் செய்வது, புதிதாக நிறுவுவது, பயாஸுக்குள் போய் Clear TPM அழுத்துவது.

திரையில் Recovery key ID என்று நீளமாக ஒன்று தெரியும், அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் aka.ms/myrecoverykey திறந்து, லேப்டாப்பில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சாவிகளின் பட்டியல் வரும். அதே 8 எழுத்துகள் உள்ள வரியில் இருக்கும் 48 இலக்கம்தான் உங்கள் சாவி. ஒன்றுக்கு மேல் இருந்தால் எழுத்துகளை ஒப்பிடாமல் எதையாவது அடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சாவி ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டாக இருக்கும், ஒவ்வொரு கட்டும் 11ஆல் மீதியின்றி வகுபடும். பேப்பரில் எழுதி வைத்திருந்து அது 1ஆ 7ஆ என்று குழப்பம் வந்தால், கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டியலில் இல்லையென்றால், லேப்டாப்பை முதன்முதலில் யார் செட்டப் செய்து கொடுத்தார் என்று யோசியுங்கள். என் சித்தப்பாவின் லேப்டாப்பில் இப்படித்தான் ஆனது. அவருடைய ஜிமெயில், என் ஜிமெயில், தம்பியின் பழைய ஹாட்மெயில் எல்லாம் தேடி ஓய்ந்த பிறகுதான், வாங்கிய அன்று கடைப் பையன் தன் சொந்தக் கணக்கைப் போட்டு விண்டோஸைத் திறந்து காட்டியது நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக அந்தப் பையன் இன்னும் அங்கேயே வேலை பார்த்தான், சாவியும் அவன் கணக்கில் இருந்தது. ஆபீஸ் அல்லது கல்லூரிக் கணக்கு சேர்த்த லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேட்கலாம். நீங்கள் ஆன் செய்யாமலே பூட்டு வந்ததற்கும் காரணம் இந்தக் கணக்குதான். ஹோம் பதிப்பில் Device encryption என்ற பெயரில், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் எளிய வடிவம் உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதலில் நுழையும்போது அது தானாகவே இயங்கத் தொடங்கி, சாவியை அந்தக் கணக்கிலேயே போட்டு வைக்கும்.

சாவி எங்குமே கிடைக்காவிட்டாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது, பலர் இதை முயன்று பார்ப்பதே இல்லை. அது புரிய, பூட்டு எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டும். டிஸ்க்கைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் வைத்திருக்கிறது, பல லேப்டாப்களில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும். கணினி எழும்போது என்னென்ன ஓடுகின்றன, எந்த அமைப்பில் ஓடுகின்றன என்பது ஒவ்வொரு படியாக அளக்கப்பட்டு, பிசிஆர் எனப்படும் பதிவேடுகளில் சேர்கிறது. பூட்டும்போது இருந்த அளவும் இப்போதைய அளவும் ஒன்றாக இருந்தால்தான் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். கொஞ்சம் மாறினாலும் வாயைத் திறக்காது. செய்தது நீங்களா திருடனா என்று அதற்குத் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும்.

செக்யூர் பூட், அதாவது கணினி எழும்போது நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் வசதி, சரியாக வேலை செய்யும் கணினியில் விண்டோஸ் பொதுவாகப் பார்ப்பது பிசிஆர் 7, 11 ஆகிய இரண்டை. 7ஆவது செக்யூர் பூட்டின் நிலையைப் பதிவது. அதனால் பயாஸின் பதிப்பு எண் மாறியதற்காக மட்டும் சாவி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அப்டேட்டோடு செட்டிங்ஸ் தொழிற்சாலை நிலைக்குப் போய் செக்யூர் பூட்டோ டிபிஎம்மோ அணைந்திருந்தால், கட்டாயம் கேட்கும். அதனால் பயாஸுக்குள் போய் இரண்டையும் பாருங்கள். டிபிஎம் என்பது இன்டெல் கணினியில் PTT என்றும் ஏஎம்டியில் fTPM என்றும் இருக்கலாம். அணைந்திருந்தால் ஆன் செய்து சேமித்து வெளியே வாருங்கள். பழைய நிலை அச்சாகத் திரும்பிவிட்டால் சாவி கேட்காமலே விண்டோஸ் திறந்துவிடும். ஏஎம்டியில் fTPM-ஐ ரீசெட் செய்ய Y அழுத்தச் சொல்லி ஒரு செய்தி வந்தால், சாவி கைக்கு வராமல் அழுத்த வேண்டாம், சிப்பில் இருப்பது அழிந்துவிடும். இதற்கும் மசியாமல், சாவியும் கிடைக்காவிட்டால் டேட்டா போனதுதான், மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது. 'எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லும் கடைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, அடுத்த முறைக்கு. பயாஸைத் தொடுவதற்கு முன்பே, விண்டோஸுக்குள் இருக்கும்போதே பூட்டை இடைநிறுத்த வேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாக வரும் பயாஸ் பெரும்பாலும் இதைத் தானே செய்துகொள்ளும், ஆனால் பென் டிரைவில் நீங்கள் போடப்போவது விண்டோஸுக்குத் தெரியாது, உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். ஹோம் பதிப்பின் செட்டிங்ஸில் இடைநிறுத்த பட்டன் கிடையாது, ஆனால் கமாண்ட் உண்டு. டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

```
manage-bde -protectors -get C:
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

முதல் வரி 48 இலக்கத்தைக் காட்டும், அதைப் பேப்பரில் எழுதுங்கள் அல்லது வேறொரு கருவியில் சேமியுங்கள், அதே லேப்டாப்பில் ஃபைலாக வைத்து என்ன பயன்? இரண்டாவது வரி பூட்டை நிறுத்தும். கடைசியில் உள்ள 0 முக்கியம், அது இல்லாவிட்டால் ஒரு ரீஸ்டார்ட் முடிந்ததும் பூட்டு தானாக மறுபடி விழுந்துவிடும். டிஸ்க் அப்போதும் குறியாக்கத்தில்தான் இருக்கும், ஆனால் திறக்கும் சாவி வெளிப்படையாக டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும், அதனால் அந்த நிலையில் லேப்டாப்பைச் சர்வீஸ் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அப்டேட் முடிந்து, செக்யூர் பூட்டைச் சரிபார்த்து, விண்டோஸ் திறந்த பிறகு:

```
manage-bde -protectors -enable C:
```

இப்போது டிபிஎம் புதிய அளவுகளோடு மறுபடி பூட்டிக்கொள்ளும். சாவி போட்டுத் திறந்த பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கிறதா? அதற்கும் மருந்து இதே disable, enable ஜோடிதான்.

ரேம் மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது, கூடுதல் எஸ்எஸ்டி போட்டாலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் இடைநிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆனால் இருக்கிற எஸ்எஸ்டியையே க்ளோன் செய்து மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் செட்டிங்ஸில் Device encryption-ஐ முழுதாக ஆஃப் செய்து, குறியாக்கம் நீங்கி முடியும்வரை காத்திருங்கள், டிஸ்க்கின் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில்கூட ஆகலாம். அப்புறம் ஆன் செய்யும்போது புதிய சாவி உருவாகும், பழைய பேப்பர் செல்லாது, மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டு மாற்றும் நாள் வந்தால் மட்டும் சாவி இல்லாமல் கைவைக்காதீர்கள், பழைய டிபிஎம் போர்டோடு போய்விடும்.