எண் சரி, அடுக்கு தவறு

நீட் இயற்பியலில் மகளுக்கு மதிப்பெண் குறைந்ததும், நகையை அடகு வைத்தாவது ரிப்பீட்டர் விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் உங்கள் மைத்துனர்; சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனாலும் பணம் கட்டாதீர்கள். முதலில் வினாத்தாளை எடுங்கள்.

அது உங்கள் வீட்டில்தான் இருக்கும், மகள் போட்டுப் பார்த்த கணக்குகளோடு. ஓஎம்ஆர் நகலும் விடைக்குறிப்பும் இணையத்தில் கிடைக்கும். தவறான ஒவ்வொரு கேள்வியிலும், அவள் குறித்த விடையையும் சரியான விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டிலும் இலக்கங்கள் ஒன்றாக இருந்து பத்தின் அடுக்கு மட்டும் மாறியிருந்தால், பாடம் தெரிந்திருக்கிறது, அலகு மாற்றத்தில்தான் சறுக்கியிருக்கிறாள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2 மீட்டர் நீளக் கம்பி, குறுக்குப் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர், யங் குணகம் சதுர மீட்டருக்கு 2×10¹¹ நியூட்டன், சுமை 100 நியூட்டன். நீட்சி FL/AY; F சுமை, L நீளம், A பரப்பு, Y யங் குணகம். சதுர மில்லிமீட்டருக்கு 10⁻⁶ போட்டால் 5×10⁻⁴ மீட்டர், அதாவது அரை மில்லிமீட்டர். மில்லி என்றதும் பழக்கத்தில் 10⁻³ போட்டால் 5×10⁻⁷ மீட்டர். இரண்டும் தெரிவுகளில் இருக்கும். போட்ட விடை அங்கேயே கிடைப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. நான்கு தெரிவிலும் அதே 5 இருந்தால், அடுக்கை மட்டும் தனியாக ஒருமுறை போட வேண்டும்.

இன்னொரு வகை, 2020 நீட்டில் வந்தது: முக்கிய எண்ணுருக்களைக் கணக்கில் கொண்டால் 9.99 மீ − 0.0099 மீ எவ்வளவு? தெரிவுகள் 9.98, 9.980, 9.9, 9.9801. அப்படியே கழித்தால் 9.9801. பெருக்கலுக்கான விதியை இங்கே கொண்டுவந்து, 0.0099-இல் இரண்டு முக்கிய எண்ணுருக்கள்தானே என்று நினைப்பவர் 9.9-இல் விழுவார். கழித்தலில் பார்க்க வேண்டியது தசம இடங்களை. 9.99-இல் இரண்டு இடம், ஆகவே 9.98. 9.980 மதிப்பில் அதேதான், ஆனால் அளக்காத ஓர் இலக்கத்தை அளந்ததாகச் சொல்கிறது.

இப்படி ஒரு கேள்வி தவறினால் வர வேண்டிய 4 போய், கூடவே 1 குறைகிறது. ஆறு கேள்வி என்றால் 30 மதிப்பெண். இதைச் சரிசெய்யப் பழைய வினாத்தாள்களும் ஒரு நோட்டும் போதும். எண்களைப் போடும்போதே அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பழகட்டும். விடுதியில் முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்துவார்கள், அவளுக்குத் தெரிந்ததையும் சேர்த்து. தவறுகள் வேறு மாதிரி, இலக்கமே மாறி வந்திருந்தால், அது பாடத்தில் உள்ள குறை. அப்போது எந்தப் பாடம் என்று பார்த்து அதை மட்டும் படிக்கலாம்.

அப்புறம், உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டும் என்று அவளே கேட்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துவிடுங்கள். இதில் மைத்துனரைக் கேட்க ஒன்றுமில்லை. மருத்துவ ஆசை அவளுக்கும் இருந்தால், படித்துக்கொண்டே மறுபடி நீட் எழுதலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பு அதற்கு இல்லை.