போனஸ் பங்குக்காக நகைக்கடன்: 200 பங்கு 400 ஆனது, பணம் ஆகவில்லை

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு கம்பெனி 1:1 போனஸ், அதாவது ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாக, தருகிறது என்று என் மைத்துனர் சொன்னதைக் கேட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து 3 லட்சம் ரூபாய்க்கு 200 பங்குகள் வாங்கினேன். ஒரு பங்கு 1,500 ரூபாய். போனஸ் யாருக்கு என்று முடிவாகும் ரெக்கார்ட் தேதியன்று காலையில் விலை 750 என்று காட்டியதும் உயிரே போய்விட்டது. பிறகு போனஸ் 200 பங்குகள் கணக்கில் ஏறின. இப்போது விலை 740. பழைய 200 பங்குகளை மட்டும் விற்றால் ஒன்றரை லட்சம் நஷ்டம் காட்டி, என் மியூச்சுவல் ஃபண்ட் லாபத்துக்கான வரியை மிச்சம் பிடிக்கலாம், போனஸ் பங்குகள் இலவசமாக நிற்கும் என்கிறார். அடுத்த மாதம் வேறொரு கம்பெனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரிக்கிறதாம். 2,000 ரூபாய்ப் பங்கு 200 ஆவதற்குள் வாங்க, இன்னும் 2 லட்சத்துக்கு நகை வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வைக்காதீர்கள். போனஸ், பிரிப்பு பற்றிய அறிவிப்புகளைப் பார்த்துக் கடனுக்கு ஓடும் இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. எந்தக் கம்பெனி என்பதை நீங்கள் எழுதவே இல்லை. அது என்ன தொழில் செய்கிறது, லாபம் ஏறுகிறதா என்பதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. கடிதம் முழுவதும் 1:1, பத்தாகப் பிரிப்பு என்றுதான் இருக்கிறது.

அந்த 1:1-இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி பங்குகள், பங்கு ஒன்றுக்கு ஏட்டில் எழுதிய முகமதிப்பு 10 ரூபாய், ஆண்டு லாபம் 60 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதன் ஏட்டில் பங்கு மூலதனம் 10 கோடி, கையிருப்பு நிதி 190 கோடி, ஆக 200 கோடி. போனஸ் கொடுத்த அன்று கையிருப்பிலிருந்து 10 கோடியை எடுத்துப் பங்கு மூலதனத்தில் எழுதினார்கள். இப்போது 20 கோடி, 180 கோடி. கூட்டினால் அதே 200 கோடி. வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. லாபமும் அதே 60 கோடிதான், ஆனால் அதை இரண்டு கோடி பங்குகள் பகிர்கின்றன. பங்குக்கு 60 ரூபாய் லாபம் 30 ஆகிறது. லாபத்தைப் போல 25 மடங்கு விலை கொடுக்கச் சந்தை தயாராக இருந்தால் முன்பு 1,500, இப்போது 750. உங்கள் பக்கம் 200 பெருக்கல் 1,500-ம் மூன்று லட்சம், 400 பெருக்கல் 750-ம் மூன்று லட்சம்.

அன்று காலை நீங்கள் பார்த்த 750 யாரும் பங்கை விற்றுத் தள்ளியதால் வந்ததல்ல. ரெக்கார்ட் தேதியில் வர்த்தகம் தொடங்கும் முன்பே, முந்தைய நாள் முடிவு விலையை எக்ஸ்சேஞ்ச் பாதியாக்கி, அதை அடிப்படை விலையாக வைத்துக்கொள்கிறது. அன்று முதல் வாங்குகிறவருக்கு போனஸ் உரிமை கிடையாது. உங்கள் போனஸ் பங்குகள் கணக்கில் ஏறும் வரை நீங்கள் விலை பார்க்கும் செயலிக்குத் தெரிந்தது 200 பங்குகளும் புது விலையும் மட்டும்தான். அதனால் பாதிப் பணம் போய்விட்டதாகச் சிவப்பில் காட்டியிருக்கும். முன்பெல்லாம் இந்தக் கலக்கம் பல நாள் நீடிக்கும். 2024 அக்டோபர் முதல், ரெக்கார்ட் தேதிக்குப் பிந்தைய இரண்டாவது வேலை நாளிலேயே போனஸ் பங்குகளை விற்க முடிய வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருக்கிறது.

பங்குப் பிரிப்பில் ஏட்டு மாற்றம்கூடக் கிடையாது. முகமதிப்பு 10 ரூபாய் 1 ரூபாய் ஆகிறது, பங்குகள் பத்து மடங்காகின்றன, அவ்வளவுதான். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் இதைச் செய்தது. அதற்கு முன் ஒரே ஒரு பங்குக்குச் சுமார் 27,000 ரூபாய் வேண்டியிருந்தது, பிரித்ததும் 2,700 போதும் என்றானது. மாதம் மூவாயிரம் ஒதுக்குகிறவருக்கு இது உண்மையான வசதி, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி மலிவாகிவிடவில்லை. மறுபக்கம் சென்னையின் எம்.ஆர்.எஃப். இருக்கிறது. 2023 ஜூனில் அதன் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதன் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான், கம்பெனியின் சந்தை மதிப்பு அன்று ஏறக்குறைய 42,000 கோடி. அன்றே ஒன்றைப் பத்தாகப் பிரித்திருந்தால் விலை பத்தாயிரம் ரூபாய்க்கு வந்திருக்கும். ஒரு டயர்கூட அதிகமாக உருண்டிருக்காது.

அறிவிப்பு வந்ததும் விலை ஏறுகிறதே என்பார் மைத்துனர். சில சமயம் ஏறும். வலுவான கையிருப்பு உள்ள கம்பெனி நம்பிக்கையோடு போனஸ் கொடுக்கும்போது சந்தை அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளும். சின்னக் கம்பெனிகளில், உங்களைப் போன்றவர்களைக் கூட்டமாக உள்ளே இழுக்கவும் இதே அறிவிப்பு பயன்படுகிறது. லாபம் தேங்கி நிற்க, போனஸ், பிரிப்பு என்று அடுத்தடுத்து அறிவிப்பு வந்து, காலாண்டுக்குக் காலாண்டு கம்பெனியைத் தொடங்கி நடத்தும் புரமோட்டர்களின் பங்கு சதவீதம் இறங்கினால் விலகி நில்லுங்கள். இந்தச் சதவீதம் எக்ஸ்சேஞ்ச் இணையதளத்திலேயே இருக்கிறது.

இனி அந்த வரி யோசனை. ஒன்றரை லட்சம் குறுகிய கால நஷ்டம், 20 சதவீத வரி, மிச்சம் 30,000 என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கதவைப் பங்குகளுக்கும் 2022 பட்ஜெட்டில் அடைத்துவிட்டார்கள். ரெக்கார்ட் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, அதன்பின் ஒன்பது மாதத்துக்குள், போனஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டே பழையவற்றை மட்டும் விற்றால், அந்த நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது அந்த போனஸ் பங்குகளின் வாங்கிய விலையாக மாறும், அவ்வளவே. உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே 400 பங்குகளையும் ஒரே நாளில் விற்றுவிடுங்கள். போனஸ் பங்குகளுக்கு வாங்கிய விலை பூஜ்யம் என்பதால் 1,48,000 ரூபாய் லாபம், பழையவற்றில் 1,52,000 ரூபாய் நஷ்டம். இரண்டும் குறுகிய காலம், கழித்தால் வரி இல்லை, 4,000 ரூபாய் நஷ்டம் மிஞ்சும். விற்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கைக்கு 2,96,000 வரும். நகைக்கடனுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் இரண்டு மாதத்துக்கு 6,000. சம்பளத்திலிருந்து ஒரு பத்தாயிரமும் தரகுச் செலவும் போட்டு நகையை மீட்டுவிடலாம். நல்ல கம்பெனி, ஏறுமே என்று தோன்றினால், அது ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறினால்தான் உங்கள் வட்டிக்கே சரியாகப் போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கப்போகிற அந்த இரண்டாவது கம்பெனி உண்மையிலேயே நல்லது என்று அதன் மூன்று நான்கு வருடக் கணக்கைப் பார்த்துத் தோன்றினால், பிரித்த பிறகு 200 ரூபாய்க்கு மாதம் பத்துப் பங்குகளாக, சேமிப்பிலிருந்து வாங்குங்கள். முன்கூட்டி வாங்காததால் ஒன்றும் குறைந்துவிடாது. மைத்துனரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதற்காக அவர் எத்தனை பவுன் அடகு வைத்திருக்கிறார் என்று.